சிப் போட்டாச்சு, லைசன்ஸ் ரெடின்னு 2800 ரூபா வாங்கிட்டுப் போனவர் கதை

மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் நாய் வளர்க்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமாதான் இருக்கும், எனக்கு சுருக்கமா சொல்ல வராது.

2025 நவம்பர்ல சென்னை மாநகராட்சி வீட்டு நாய்க்கு மைக்ரோசிப், லைசன்ஸ் ரெண்டும் கட்டாயம், இல்லன்னா 5000 ரூபா அபராதம்னு சொன்னாங்கல்ல, கடைசி தேதியை வேற டிசம்பர் வரைக்கும் தள்ளித் தள்ளி வச்சாங்க. மாநகராட்சியோட செல்லப்பிராணி கிளினிக்ல சிப் இலவசமாவே போட்டாங்க, ஆனா வரிசை. அந்த பதட்டத்துல எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு, வீட்டுக்கே வந்து சிப், பேரு போட்ட டேக், லைசன்ஸ் மூணும் சேர்த்து 2800னு. லீவு போட்டு வரிசையில நிக்க சோம்பேறித்தனப்பட்டு நானும், இன்னும் மூணு வீடும் ஓகே சொல்லிட்டோம்.

ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தர் பேக்கோட வந்தாரு. டாக்டரான்னு கேட்டதுக்கு "டாக்டர் டீம்ல இருக்கேன் சார்"னாரு. அங்கயே நான் கதவை சாத்தியிருக்கணும். அரை மணி நேரத்துல நாலு நாய்க்கும் சிப் ஊசி போட்டுட்டாரு, முதல்ல எல்லாத்துக்கும் குத்திட்டு, அப்புறமா மேஜையில உக்காந்து நாலு தடுப்பூசி புக்லயும் வரிசையா சிப் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினாரு. சிப் நம்பரை படிக்கிற ரீடர் எங்கன்னு கேட்டேன், "போன்லயே பாத்துக்கலாம் சார், தொலைஞ்சா லொகேஷனே காட்டும்"னு டேக்ல இருந்த க்யூஆர் கோடை காட்டினாரு. ரெண்டு நாள்ல வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு, மாநகராட்சி பேரு, என் பேரு, சுண்டலோட போட்டோ எல்லாம் இருந்துச்சு. சுண்டல்ங்கிறது எங்க நாய், பாதி லேப்ரடார் பாதி நம்ம தெரு. லைசன்ஸ் வந்துடுச்சுன்னு வீட்ல பெருமையா வேற காட்டினேன்.

டிசம்பர் 31 ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாரோ சரவெடி வச்சாங்க, சுண்டல் கேட்டை தாண்டி ஓடிட்டான். விடிய விடிய பைக்ல சுத்தினோம், கிடைக்கல.

அவன் காலையிலயே கீழ்க்கட்டளைல ஒரு காலேஜ் பையன் கையில பத்திரமா இருந்திருக்கான், எங்களுக்குத்தான் தெரியாது. அந்த தம்பி டேக்ல இருந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணியிருக்காரு, "உங்கள் திட்டம் முடிந்தது, புதுப்பிக்கவும்"னு ஒரு பக்கம் வந்திருக்கு. 30 நாள் இலவச பிளானாம் அது! டேக் மேல "சுண்டல்"னு பேரு மட்டும்தான் இருக்கு, போன் நம்பர் கிடையாது. தம்பி விடாம பக்கத்துல இருந்த வெட் கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காரு. டாக்டர் தோள்பட்டை நடுவுல ரீடரை வச்சா ஒண்ணும் வரல, மெதுவா கழுத்து, விலா, முன்னங்கால் வரைக்கும் தேச்சுப் பாத்தப்போ இடது தோளுக்குக் கீழ பீப் அடிச்சு 15 இலக்க நம்பர் வந்திருக்கு. தோலுக்கு அடியில சிப் கொஞ்சம் நகர்றது சகஜம்தானாம், அதனால நல்ல வெட் ஒரே இடத்துல மட்டும் பாத்துட்டு சிப் இல்லன்னு சொல்ல மாட்டாங்களாம்.

நம்பர் வந்தும் பிரயோஜனம் இல்ல. ஏன்னா சிப்புக்குள்ள என் பேரோ போன் நம்பரோ எதுவும் இருக்காது, அந்த 15 இலக்கம் மட்டும்தான். அந்த நம்பரை எங்கயாவது ஒரு பதிவேட்டுல நம்ம பேரோட சேர்த்து எழுதியிருந்தாதான் அதுக்கு அர்த்தம். நம்ம நாட்டுல நாய்க்குன்னு எல்லாரும் பார்க்கிற ஒரே பதிவேடு கிடையாது, நகரத்துக்குள்ள மாநகராட்சி லைசன்ஸ் பதிவுதான் உருப்படியான இடம். என் நம்பர் 900ல ஆரம்பிக்குது, முதல் மூணு இலக்கம் அப்படி 900ஓ அதுக்கு மேலயோ இருந்தா அது சிப் தயாரிச்சவங்க சம்பந்தப்பட்ட கோடு, நாட்டு கோடு இல்ல, இந்தியாவோட நாட்டு கோடு 356. அதை வச்சு ஓனரை கண்டுபிடிக்க முடியாது.

கடைசில அந்த தம்பி ஏரியா குரூப்ல போட்ட போட்டோதான் சுத்தி வந்து சாயந்திரம் எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா போன்ல வந்து நின்னுச்சு. போய் கூட்டிட்டு வந்தோம். டாக்டர் பில்லு பின்னாடி சிப் நம்பரை எழுதிக் குடுத்து "உங்க புக்ல இருக்கிறதோட ஒத்துப் பாருங்க"ன்னாரு.

பாத்தா ஒத்துப்போகல! என் புக்ல கடைசி ரெண்டு இலக்கம் 17, சுண்டல் உடம்புல 18. எழுதுறதுல தப்போன்னு நினைச்சு மறுநாள் திரும்பப் போய் மூணு தடவை ஸ்கேன் பண்ணோம், 18தான்.

அப்போதான் பொறி தட்டுச்சு. ஸ்டிக்கரை அவர் கடைசில மொத்தமா ஒட்டினாரு. ஒவ்வொரு சிப் பாக்கெட்லயும் அதே நம்பர் ஸ்டிக்கர் கூடவே வரும், ஒரு பாக்கெட்டை பிரிச்சு, போட்டு, ஸ்கேன் பண்ணி, ஸ்டிக்கரை ஒட்டிட்டுத்தான் அடுத்ததை தொடணும். நாலு நாயையும் அதே டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனோம், ஏதோ கல்யாண ஊர்வலம் மாதிரி. ஏ பிளாக் லேப்ரடார் உடம்புல 15, புக்ல 16. பக்கத்து வீட்டு பக் நாய்க்கு உடம்புல 16, புக்ல 15. சி பிளாக் மாமியோட பொமரேனியன் புக்ல 18, அதாவது என் சுண்டலோட நம்பர், ஆனா அது உடம்பு முழுக்க தேச்சும் பீப்பே வரல.

அதுக்கு டாக்டர் சொன்ன காரணம், சிப் ஊசி ரொம்ப தடிமன், புசுபுசுன்னு முடி இருக்கிற நாய்க்கு சரியா பிடிக்காம குத்தினா தோலுக்கு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வெளிய வந்துடும், சிப் முடியில மாட்டி அப்புறம் எங்கயோ விழுந்துடும். அரிசி மணி சைஸ் தான், கண்ணுக்கே தெரியாது. ஆக என் புக்ல இருந்த 17ங்கிற சிப் எந்த நாய் உடம்புலயும் இல்ல, அனேகமா மாமி வீட்டு குப்பையோட போயிருக்கும். "அன்னிக்கு சாயங்காலமே வாசல்ல ஏதோ கண்ணாடி மணி மாதிரி பெருக்கி கொட்டினேன்டாப்பா"ன்னாங்க மாமி, நிஜமா இல்ல இப்போ தோணுதான்னு தெரியல.

போட்ட உடனே ஒரு தடவை ஸ்கேன் பண்ணியிருந்தா நாலும் அங்கயே மாட்டியிருக்கும். போடுறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணணும், சிப்புக்கும் ஒரு தடவை, ஏற்கனவே வேற சிப் இருக்கான்னு நாய்க்கும் ஒரு தடவை. இதுக்கு போன் உதவாது. நம்ம போன்ல இருக்கிற என்எஃப்சி வேலை செய்றது 13.56 மெகாஹெர்ட்ஸ்ல, நாய் சிப் 134.2 கிலோஹெர்ட்ஸ்ல, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது. சிப்புல பேட்டரியே கிடையாது, ரீடரை சில சென்டிமீட்டர் தூரத்துல கொண்டு வந்தா அதோட அலையிலதான் அது உயிர் பெற்று நம்பரை சொல்லும். அதனால லொகேஷன் காட்டும்னு எவன் சொன்னாலும் பொய், அது ஜிபிஎஸ் காலர், தனி சாமான், சார்ஜ் போடணும்.

சரி, லைசன்ஸ்? பிடிஎஃபை இந்த தடவை கண்ணாடி போட்டு படிச்சேன். அது உரிமமே இல்ல, விண்ணப்பம் வந்து சேர்ந்ததுக்கான ரசீது. அவர் என் பேர்ல விண்ணப்பம் போட்டு, மொபைல் நம்பர் மட்டும் அவரோடது குடுத்திருக்காரு, ஓடிபி, தகவல் எல்லாம் அவருக்கே போயிருக்கு. ரேபிஸ் தடுப்பூசி சான்று தெளிவா இல்லன்னு விண்ணப்பம் திரும்பி வந்திருக்கு, எனக்கு யாரும் சொல்லல. ஒருவேளை அது ஓகே ஆகியிருந்தாலும் பதிவுல இருக்கிறது குப்பைக்குப் போன 17, கூட அவரோட போன் நம்பர்.

இதுல அதிகமா அடிபட்டது ஏ பிளாக்காரங்க. அவங்க ஜெர்மனி போறாங்க. ஐரோப்பாவுக்கு நாயை கூட்டிட்டுப் போக சிப் முதல்ல, ரேபிஸ் ஊசி அதுக்கு அப்புறமோ இல்லன்னா அதே நாளோ போடணும், இந்த வரிசை மாறினா ஊசி கணக்குலயே வராது. அப்புறம் 30 நாளாவது கழிச்சு ரத்தம் எடுத்து டெஸ்ட், அதுலேருந்து மூணு மாசம் காத்திருக்கணும், எல்லா பேப்பர்லயும் உடம்புல இருக்கிற அதே நம்பர் இருக்கணும். அவங்க ஊசி, ரத்த பரிசோதனை எல்லாம் பக் நாயோட நம்பர்ல ஓடிட்டு இருந்துச்சு. தப்பான நம்பர்ல ரிஸ்க் எடுக்க வேணாம்னு ஊசியிலேருந்து மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க, டிக்கெட்டை தள்ளி வச்சாச்சு.

அந்த ஆளுக்கு போன் பண்ணா "ஸ்டிக்கர்தானே சார், புது ஸ்டிக்கர் அனுப்புறேன்"னாரு. எந்த நம்பர்ல அனுப்புவாருன்னு கேட்டதுக்கு போனை வச்சுட்டாரு, அன்னிலேருந்து பிளாக். நாலு பேரும் சேர்ந்து புகார் எழுதிக் குடுத்திருக்கோம், காசு வரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

சுண்டலுக்கு ரெண்டாவது சிப் போடல, உடம்புல இருக்கிறது நல்லா வேலை செய்யுது, ரெண்டு இருந்தா ரீடர் எதை முதல்ல பிடிக்கும்னு அது வேற குழப்பம். டாக்டர் புக்ல 17ஐ அடிச்சு, 18 எழுதி, பக்கத்துல கையெழுத்து, சீல் போட்டு, ஸ்கேன் பண்ணி சரிபார்த்தேன்னு தனியா ஒரு கடிதமும் குடுத்தாரு. ரேபிஸ் சான்றுலயும் அதே நம்பர். அப்புறம் மாநகராட்சி தளத்துல நானே உக்காந்து, என் மொபைல் நம்பர் போட்டு, முகவரி சான்று, தடுப்பூசி சான்று, நாயோட நான் நிக்கிற போட்டோ எல்லாம் ஏத்தி விண்ணப்பிச்சேன், அப்போ கட்டணம் 50 ரூபா. 2800 ரூபா எங்க, 50 ரூபா எங்க! வருஷா வருஷம் புதுப்பிக்கணும்ங்கிறதும் அப்போதான் எனக்குத் தெரியும். மாமி மட்டும் பொமரேனியனை கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போய் புதுசா சிப் போட்டுக்கிட்டாங்க, அங்க போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை ஸ்கேன் பண்ணி நம்பரை சத்தமா படிச்சு காட்டினாங்களாம்.

டேக்குக்கு கடைவீதியில பேரு வெட்டுற கடையில 150 ரூபா குடுத்து ஒரு பித்தளை வில்லை வாங்கி, ஒரு பக்கம் என் நம்பர், இன்னொரு பக்கம் எங்க வீட்டு அம்மா நம்பர். சிப் நம்பர் அதுல போடல, தெருவுல நாயை பிடிச்சு வச்சிருக்கிறவங்க கையில ரீடரா இருக்கப் போகுது.

இதே ஆள் உங்க குரூப்லயும் வந்திருந்தா, ஏதாவது ஒரு வெட் கிட்ட போய் ஒரு தடவை ஸ்கேன் பண்ணி புக்கோட கடைசி நாலு இலக்கத்தை ஒத்துப் பாருங்க, எங்க டாக்டர் அதுக்கு காசே வாங்கல. நம்பர் மாறியிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, புகார்ல உங்க பேரையும் சேர்த்துக்கலாம்.