டாலர் இண்டெக்ஸைப் பெருக்காதீர்கள், சிங்கப்பூர் வெள்ளியைப் பெருக்குங்கள்: பிரென்ட், டிஎக்ஸ்ஒய் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையான எஸ்ஜிஎக்ஸில் இறக்குமதியை நம்பியிருக்கும் நிறுவனங்களைக் கவனிப்பவர்கள் பலரும் சார்ட்டின் ஓரத்தில் இரண்டு கோடுகளை வைத்திருப்பார்கள்: பிரென்ட் கச்சா எண்ணெய், டாலர் இண்டெக்ஸ். இரண்டும் ஏறினால் செலவு கூடும், லாபம் குறையும் என்பது கணக்கு. பல ஆண்டு பயன்படுத்திய பிறகு சொல்வதென்றால், பிரென்ட் கோடு உதவுகிறது. டாலர் இண்டெக்ஸ் கோடு சிங்கப்பூர்க்காரர்களை அடிக்கடி தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறது.

காரணம் அதன் கலவையில் இருக்கிறது. டிஎக்ஸ்ஒய் எனப்படும் இந்த இண்டெக்ஸ் ஆறு நாணயங்களுக்கு எதிராக டாலரை அளக்கிறது. அதில் யூரோவின் எடை மட்டும் 57.6 விழுக்காடு, யென் 13.6. மீதி பவுண்ட், கனடிய டாலர், சுவீடன் குரோனா, சுவிஸ் பிராங்க். சிங்கப்பூர் வெள்ளி அதில் இல்லவே இல்லை. வெள்ளியோ நாணய ஆணையத்தின் பிடியில், வர்த்தகக் கூட்டாளி நாடுகளின் நாணயக் கூடைக்கு எதிராக ஓர் எல்லைக்குள் நகர்கிறது.

2022ஐ எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 2021 இறுதியில் பிரென்ட் சுமார் 78 டாலர், டிஎக்ஸ்ஒய் 96, ஒரு டாலருக்கு 1.35 வெள்ளி. 2022 செப்டம்பர் இறுதியில் பிரென்ட் 88, டிஎக்ஸ்ஒய் 112, டாலர் 1.435 வெள்ளி. எண்ணெய் 13 விழுக்காடு ஏறியது, டாலர் இண்டெக்ஸ் 17 விழுக்காடு ஏறியது. இரண்டையும் பெருக்கினால் இறக்குமதிச் செலவு 32 விழுக்காடு கூடியதாகத் தோன்றும். வெள்ளியில் கணக்குப் போட்டால் ஒரு பீப்பாய் 105லிருந்து 126 ஆனது, அதாவது 20 விழுக்காடு. அந்த செப்டம்பருக்குள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை என மூன்று முறை ஆணையம் வெள்ளி வலுப்பெறும்படி கொள்கையை இறுக்கியிருந்தது. டாலர் இண்டெக்ஸை ஏற்றியது பெரும்பாலும் யூரோவும் யென்னும் விழுந்ததுதான்.

ஆகவே இரண்டு கோடுகளுக்குப் பதில் ஒரே கோடு போதும். பிரென்ட் விலையை வெள்ளியில் பார்க்க, டிரேடிங்வியூவின் தேடல் பெட்டியில் இதை அப்படியே அடிக்கலாம்:

```
TVC:UKOIL*FX_IDC:USDSGD
```

தினசரி சார்ட்டில் 63 நாள் எளிய சராசரியைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு காலாண்டின் சராசரி விலை கிடைக்கும். ஒரு நாள் விலையைவிட இதுதான் நிறுவனத்தின் காலாண்டு முடிவோடு ஒத்துப்போகும். போன ஆண்டு இதே காலாண்டுச் சராசரியிலிருந்து 15 விழுக்காடு விலகினால்தான் நிறுவனங்களின் கணக்கைத் திறந்து பார்ப்பது நல்லது. அதற்குக் குறைந்த அசைவுகளுக்கெல்லாம் ஓடினால் களைப்புதான் மிஞ்சும். இறுதி விலையை மட்டும் நம்புங்கள். பெருக்கிவரும் சார்ட்டில் அன்றைய உச்சமும் தாழ்வும் உண்மையாக நடந்த விலைகளாக இருக்காது. பிரென்ட் ஒப்பந்த மாதம் மாறும்போது வரும் குதிப்பும் செய்தி அல்ல.

இந்தக் கோடு ஏமாற்றும் இடங்களும் உண்டு. விமான நிறுவனம் வாங்குவது கச்சா எண்ணெய் அல்ல, விமான எரிபொருள். இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் 2022 நடுவில் பீப்பாய்க்கு 40 டாலரைத் தாண்டியது. பிரென்ட் இறங்கியும் எரிபொருள் செலவு அதே அளவுக்கு இறங்காத மாதங்கள் அவை. எஸ்ஐஏ போன்ற நிறுவனத்தில் முன்கூட்டியே விலையைப் பூட்டி வைக்கும் ஹெட்ஜிங்கும் இருப்பதால், முடிவு அறிக்கையில் எத்தனை விழுக்காடு, எந்த விலையில் பூட்டியிருக்கிறார்கள் என்ற வரியைப் படிக்காமல் இந்தக் கோட்டைப் பொருத்த முடியாது. அரசுப் பேருந்து ஒப்பந்தங்களில் எரிபொருள் விலைக்கேற்பக் கட்டணம் திருத்தப்படுவதால், அந்தப் பிரிவுக்கு டீசல் ஏற்றம் அவ்வளவாக வலிக்காது.

பேரங்காடிகளுக்கு வேறு பாதை. அவர்களுடைய காய்கறி, முட்டைக்கு ரிங்கிட் முக்கியம். எண்ணெய் அவர்களை முதன்மையாக மின்கட்டணம் வழியாகத் தொடுகிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. காலாண்டுக் கட்டணத்தின் எரிபொருள் பகுதிக்கு முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலைச் சராசரியை எடுக்கிறார்கள். அந்த எரிவாயு விலையும் எண்ணெயைத் தொட்டே நகர்வதால், குளிர்பதனப் பெட்டிகள் நிறைந்த கடையின் செலவில் தாக்கம் குறைந்தது ஒரு காலாண்டு தள்ளித்தான் தெரியும். நிலையான விலையில் மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தால் இன்னும் தாமதமாகும்.

டிஎக்ஸ்ஒய்யை அடியோடு நீக்கவும் தேவையில்லை. அது ஏறுகிறது, டாலர்-வெள்ளி அசையவில்லை என்றால் யூரோவோ யென்னோ வெள்ளிக்கு எதிராகவும் மலிந்திருக்கிறது என்று பொருள். ஜப்பானிலிருந்து யென்னில் பொருள் தருவிக்கும் நிறுவனத்துக்கு அது சாதகம். பலர் அந்த நேரத்தில்தான் பயந்துபோய் பட்டியலிலிருந்து அந்த நிறுவனத்தை எடுத்துவிடுகிறார்கள்.