கடைப் பேச்சா, அளவுப் பேச்சா? ஒரே குத்துவிளக்குக்கு இரண்டு தலைப்புகள்

கும்பகோணத்திலிருந்து பித்தளைச் சாமான்களை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் நம் பட்டியலில், ஒரே விளக்குக்கு இரண்டு விதமாகத் தலைப்பு வரும்.

முதலாவது: “தெய்வீக அழகு பொங்கும் பாரம்பரிய ஐம்பொன் விளக்கு, 2 அடி.” இரண்டாவது: “அன்னக் குத்துவிளக்கு, பித்தளை, 5 முகம், 61 செ.மீ., ஒன்று.”

நாம் எழுதப்போவது இரண்டாவது. செல்போன் திரையில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும். முதல் தலைப்பில் அதற்குள் “தெய்வீக அழகு பொங்கும்” மட்டும் வந்திருக்கும். விற்பது விளக்கா சிலையா என்றே தெரியாது. அதனால் முதலில் பொருள், அடுத்து உலோகம், அப்புறம் அளவு.

அளவில்தான் தகராறு அதிகம். “2 அடி” என்று கடையில் சொல்வது தோராயம். அது உச்சியில் உள்ள அன்னத்தையும் சேர்த்தா, எண்ணெய்த் தட்டு வரைக்குமா? வாங்குபவர் பூஜை அலமாரியின் உயரத்தை அளந்து வைத்திருப்பார். ஆகவே தரையிலிருந்து அன்னத்தின் உச்சி வரை டேப்பால் அளந்து செ.மீ.யில் எழுதுங்கள், பக்கத்தில் அங்குலமும் இருக்கட்டும். அடிப்பாகத்தின் அகலமும் வேண்டும்.

உயரம் மட்டும் போதாது. 61 செ.மீ. விளக்கு ஒன்று 5 கிலோ இருக்கும். அதே உயரத்தில் இன்னொன்று மூன்றரைதான் இருக்கும். இரண்டாவதில் வார்ப்பு மெல்லிசு. கடையில் பித்தளையை எடை போட்டுத்தான் விற்பார்கள் என்பதால் எடையை மறைத்தால் சந்தேகம் வரும். ஜோடியாக விற்றால் தலைப்பில் “ஜோடி” என்று எழுதி, எடையை ஒரு விளக்குக்குப் போடுங்கள்.

தடை செய்த சொற்களில் முக்கியமானது “ஐம்பொன்”. இந்த விளக்கு செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை; ஐம்பொன் என்று எழுதினால் அது பொய். “நாச்சியார்கோயில்” என்பதும் அலங்காரச் சொல் இல்லை. அது கும்பகோணம் பக்கத்து ஊர்; அந்த ஊர்க் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு, அங்கே செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர்.

“பழங்கால” என்பது இன்னும் ஆபத்து. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய இத்தகைய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. போன மாதம் வார்த்த விளக்குக்கு அந்தச் சொல்லைப் போட்டு அனுப்பினால், சுங்கத்தில் பெட்டி நின்றுவிடக்கூடும். தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் கேட்பார்கள். பழைய வடிவத்தில் செய்தது என்றால் அப்படியே எழுதுங்கள், நீளம் பரவாயில்லை.

தொனியில் மட்டும் கடைப் பேச்சுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். “வீட்டில் லட்சுமி தங்குவாள்” வேண்டாம். “புளி போட்டுத் தேய்த்து, உடனே துடைத்து உலர்த்துங்கள்” என்று கடைக்காரர் சொல்வதை விவரத்தில் தாராளமாகச் சேர்க்கலாம், தலைப்பில் வேண்டாம்.