கோஸ் வாடை போக: மூடி வேகவைப்பதா, கொதிநீரில் போட்டு எடுப்பதா, திறந்து வதக்குவதா?

முட்டைகோஸ், காலிஃப்ளவர் இரண்டிலும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. நறுக்கும்போது மூக்கில் ஏறுவது கடுகு நெடி மாதிரியான ஒரு காரம்தான், அதில் தொல்லை இல்லை. சூட்டில் நேரம் போகப் போக அந்தச் சேர்மங்கள் உடைந்து, அழுகிய முட்டை வாடை கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதன் உறவுக்கார வாயுக்களும் வெளியே வரும். முதல் நான்கைந்து நிமிடம் பரவாயில்லை, அதற்கப்புறம் வேகமாகக் கூடும். காய் குழைவதும் அதே நேரத்தில்தான், அதனால் வாடையைக் குறைக்கிற வழி பெரும்பாலும் குழையாமல் காப்பாற்றுகிற வழியாகவும் இருக்கும்.

குக்கரை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒரே ஒரு விசில் என்றாலும் அது வருவதற்குள் காய் பல நிமிடம் சூட்டில் கிடக்கிறது, உள்ளே 100 டிகிரிக்கு மேல் போகிறது, வந்த வாயுவெல்லாம் அடைபட்டு, மூடி திறக்கும்போது மொத்தமாக முகத்தில் அடிக்கும். தண்ணீர் தெளித்து, தட்டு போட்டு மூடி, சிம்மில் கால் மணி நேரம் விடுவதும் இதற்குக் கொஞ்சம்தான் மேல்.

கோஸுக்கு என் தேர்வு திறந்த வாணலி. 400 கிராம் கோஸ் என்றால், நடுத்தண்டை எடுத்துவிட்டு, இலையைக் கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரே அளவில் நறுக்கிக் கொள்ளுங்கள். அளவு மாறினால் மெல்லியது குழையும்வரை தடித்தது வேகாது. கழுவிய தண்ணீர் நன்றாக வடிந்திருக்க வேண்டும். அகலமான இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கொஞ்சம் பெருங்காயம் தாளித்து, கோஸைப் போட்டுத் தீயைக் கூட்டி நாலைந்து நிமிடம் கிளறுங்கள். உப்பை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போட வேண்டும், ஏனென்றால் முதலிலேயே போட்டால் காய் நீர் விட்டு, வதங்குவதற்குப் பதிலாக அந்த நீரிலேயே வெந்து, நாம் தவிர்க்க நினைத்த இடத்துக்கே வந்து நிற்கும். வாணலி சின்னதாக இருந்தாலும் இதே கதைதான், இரண்டு தடவையாகப் போடுங்கள். பச்சை நிறம் பளிச்சென்று ஏறி, பச்சை நெடி போய் இனிப்பு வாசனை வந்ததும் தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிடலாம். பச்சை மங்கிப் பாசி நிறமானாலோ, அடியில் நீர் தேங்கினாலோ நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மூடாமல் சமைத்தால் காயிலிருந்து வரும் அமிலமும் ஆவியோடு போய்விடும், நிறமும் நிற்கும்.

காலிஃப்ளவர் வேறு விஷயம். தண்டு தடிமனாக இருப்பதால் வெறுமனே வதக்கினால் வெளியே கருகும், உள்ளே நறுக்கென்றே இருக்கும். இதற்குக் கொதிநீரே சரி. ஆனால் பல வீடுகளில் புழு போக வேண்டும் என்று கொதிநீரில் மஞ்சள், உப்பு போட்டு, அடுப்பை அணைத்து, பூவை அதிலேயே கால் மணி நேரம் ஊறவிடுகிறார்கள். பாதி வேக்காடு அங்கேயே முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் மசாலாவில் போட்டால் குழையாமல் என்ன செய்யும்? இரண்டு வேலையையும் பிரித்துக் கொள்ளுங்கள். புழுவுக்கு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம். அப்புறம் அரை கிலோ பூவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பூக்களைப் போட்டு, மூடாமல் இரண்டு நிமிடம் வைத்து உடனே வடிகட்டுங்கள். தண்ணீர் நிறைய இருந்தால்தான் காயைப் போட்டதும் கொதி அடங்காது, வாடைக்குக் காரணமான சேர்மங்களில் ஒரு பகுதியும் அதில் இறங்கும். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சாம்பாரில் ஊற்றினால் வாடை அங்கே வரும். பூக்களைக் குவிக்காமல் தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும், குவியலின் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். இதில் வைட்டமின் சியும் காயின் ருசியும் கொஞ்சம் போகும், அதனால்தான் மெல்லிய கோஸுக்கு இந்த முறையை நான் சொல்லமாட்டேன்.

இட்லிப் பானையில் ஆவியில் வைப்பது சத்துக்கு நல்லது, வாடைக்கு அவ்வளவு இல்லை, சேர்மங்கள் தண்ணீரில் இறங்காமல் காயிலேயே தங்கிவிடும்.

சமையல் சோடா போடுவது மோசமான யோசனை. காரத்தன்மையில் காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரைந்து கூழாகிவிடும், காலிஃப்ளவர் மஞ்சளடிக்கும். எலுமிச்சை இதற்கு நேர் எதிர், காயை இறுக வைக்கும். முதலிலேயே பிழிந்தால் வேக நேரம் பிடிக்கும், நிறமும் போகும். அடுப்பை அணைத்தபின் அரை மூடி பிழிந்தால் போதும், மிச்சமிருக்கும் வாடை அடங்கும். பெருங்காயமும் இஞ்சியும் வாடையை மறைக்கத்தான் செய்யும், ஐந்து நிமிடத்தில் இறக்கிய பொரியலில் அவற்றை ருசிக்காக மட்டும் போட்டால் போதும்.