பூசியது தெரியாத முகம்: டிண்டட் மாய்ஸ்சரைசரா, கன்சீலரா?

முகம் ஒரே நிறமாக இருக்க வேண்டும், எதையோ பூசியிருக்கிறார் என்று எதிரில் நிற்பவருக்குத் தோன்றவும் கூடாது. இப்படிக் கேட்டுக் கடைக்குப் போகும் ஆண்களுக்குப் பெரும்பாலும் தோல் நிறம் கலந்த ஈரப்பசைக் கிரீமான டிண்டட் மாய்ஸ்சரைசரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். லேசாக இருக்கும், விரலால் தேய்த்தால் போதும், பழக்கமில்லாதவரும் பயப்படத் தேவையில்லை என்பார்கள். ஏசி அறையை விட்டு வெளியே வராதவருக்கு அது சரி. கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் புழுக்கத்தில் பைக்கில் போய் வருகிற ஒருவருக்கு என் ஓட்டு, தழும்பையும் கருமையையும் மறைக்கும் அடர்த்தியான பூச்சான கன்சீலருக்குத்தான். முகம் முழுக்க அல்ல, நாலைந்து இடத்தில் மட்டும், மொத்தமே ஒரு அரிசி மணியளவு.

இரண்டிலும் நிறத்தைத் தருவது ஒரே சரக்குதான்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், வெளுப்புக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மாய்ஸ்சரைசரில் இது கொஞ்சமாகவும் ஈரப்பசை நிறையவும் இருக்கும். கன்சீலரில் நிறம் அடர்த்தி, ஈரம் குறைவு. அதனால் முதலாவது எல்லாவற்றையும் லேசாக மங்கவைக்கும். இரண்டாவது வைத்த இடத்தை மறைக்கும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது காலை எட்டு மணிக்கு முகம் எப்படி இருக்கிறது என்பதல்ல, மதியம் ஒரு மணிக்கு அது எப்படிக் கலைகிறது என்பது.

டிண்டட் மாய்ஸ்சரைசர் முகம் முழுக்கப் படர்ந்திருக்கும். வியர்க்கும், கைக்குட்டையால் ஒற்றுவோம், இல்லை, வழக்கம்போல அழுத்தித் துடைப்போம். துடைத்த நெற்றி, மூக்கு, மேலுதட்டில் பூச்சு போய்விடும். துடைக்காத கன்னத்தில் இருக்கும். அரைமணி நேரத்தில் ஒரே முகத்தில் இரண்டு நிறம், நடுவில் ஒரு எல்லைக்கோடு. பூசியிருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கோடுதான். ஹெல்மெட் போடுகிறவருக்கு இது இன்னும் மோசம். முழு முக ஹெல்மெட்டின் பஞ்சு இரண்டு கன்னத்தையும் நெற்றியையும் அழுத்திப் பிடிக்கும். கழற்றும்போது அந்த இடத்துப் பூச்சு பஞ்சோடு போகும்.

அடுத்தது தாடை. ஷேவ் செய்த இடத்தில் முடிக்கால் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழி. வியர்வையும் எண்ணெயும் கலந்தவுடன் நிறத்துகள் அந்தக் குழிகளில் போய் உட்காரும். கிட்டத்தில் பார்த்தால் தாடை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு நாள் தாடி இருந்தால் முடியின் மேலேயே ஒட்டிப் புழுதி படிந்ததுபோல நிற்கும். தாடையோடு நிறுத்தினால் கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் சேராது. கழுத்துவரை இழுத்தால் வெள்ளைச் சட்டையின் காலர் சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும்.

கன்சீலரும் கலையத்தான் செய்யும், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் கலைந்தால் என்ன ஆகும்? அந்த ஒரு பருத் தழும்பு மறுபடி தெரியும், அவ்வளவுதான். சுற்றியிருப்பது வெறும் தோல் என்பதால் எல்லைக்கோடு விழ இடமே இல்லை. எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்த்தால், இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாநிறம், முப்பது வயது, கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பைக்கில் வேலைக்குப் போகிறார். இடது கன்னத்தில் இரண்டு பருத் தழும்புகள், மூக்கின் இருபுறமும் கருமை, வாயோரத்தில் கருமை, கண்ணுக்குக் கீழே கருவளையம். தாடை ஷேவ் செய்தது.

ஷேவ் முடிந்ததும் ஒரு ஜெல் மாய்ஸ்சரைசர். பிறகு முகம், கழுத்துக்குச் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கு சன்ஸ்கிரீன். அது தோலில் படிய பத்து நிமிடம் விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால், கன்சீலர் தோலில் ஒட்டாமல் சன்ஸ்கிரீன் மேல் வழுக்கித் திரிதிரியாக உருளும். பூச்சு திரிவதற்குப் பொருள் மட்டமானது என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் காரணம் அவசரம்தான்.

வீட்டில் வைக்க வேண்டியது மூக்கோரம், வாயோரம், கண்ணுக்குக் கீழ் ஆகிய இடங்களில் மட்டும். கன்னத்துத் தழும்பு ஹெல்மெட் பஞ்சுக்கு அடியில் வருவதால் அதை ஆபீஸ் போய்ச் சேர்ந்தபின் டிஷ்யூவால் வியர்வையை ஒற்றிவிட்டு வைத்துக்கொள்ளலாம். ட்யூபோடு வரும் பெரிய ஸ்பாஞ்சை நேராக முகத்தில் வைக்க வேண்டாம். அது தேவைக்கு நாலு மடங்கு எடுக்கும். புறங்கையில் ஒரு துளி இட்டு, அதிலிருந்து கூர்முனை பிரஷ்ஷால் எடுத்து, தழும்பின் கருமையான நடுப்பகுதியில் மட்டும் தொட வேண்டும். அரை நிமிடம் விட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். அப்போது மோதிர விரலால் ஓரத்தை மட்டும் தட்டவும். தேய்க்கக் கூடாது, நடுவைத் தொடவே கூடாது. தொட்டால் வைத்தது விரலோடு வந்துவிடும். போதாவிட்டால் மறுபடி ஒரு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் கனமாக வைத்தால் சிரிக்கும்போது மடிப்பில் வெடிக்கும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று, கண்ணாடியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். தழும்பு முக்கால்வாசி மறைந்திருந்தால் போதும். முழுதாக மறைத்தால் அந்த இடம் மட்டும் வழவழப்பாக, தோலின் துவாரம் தெரியாமல் ஒட்டுப்போட்டதாக நிற்கும். ஆண் முகத்தில் கண் முதலில் போவது அங்கேதான்.

மூக்கோரத்தில் எண்ணெய் அதிகம் சுரப்பதால் அங்கே மட்டும் துளி நிறமற்ற பவுடரைச் சின்ன பிரஷ்ஷால் அழுத்திவிடலாம். வீட்டிலிருக்கும் டால்கம் பவுடர் வேண்டாம், மாநிறத்தில் வெளுத்துக் காட்டும்.

கருவளையத்துக்கு முன் ஒரு சோதனை. கண்ணாடி முன் நின்று, வெளிச்சம் நேரே முகத்தில் விழும்படி தலையை மேலே தூக்குங்கள். கருமை பெருமளவு மறைந்தால் அது கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தின் நிழல். எந்தப் பூச்சும் அதை நிரப்பாது; வைக்க வைக்கக் கனம்தான் கூடும். கருமை அப்படியே இருந்தால் அது நிறமி. அதற்குக் கருமையை ஈடுகட்டும் ஆரஞ்சு கலந்த கரெக்டர் மிக மெல்லியதாக, அதன் மேல் தோல் நிறக் கன்சீலர். கண்ணுக்கு ஒரு ஷேடு வெளுப்பாக எடுக்கச் சொல்வது மேக்கப் தெரியவேண்டும் என்கிறவர்களுக்கான ஆலோசனை. கருமையின் மேல் வெளுப்பை வைத்தால் சாம்பல் நிறம்தான் கிடைக்கும்.

ஷேடு விஷயத்திலும் கன்சீலருக்கே சாதகம். வெயிலில் வண்டி ஓட்டுகிறவரின் நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், சட்டைக்குள் கழுத்து இன்னொரு நிறம். முகம் முழுக்கப் பூசும் ஒரே ஷேடு மூன்றுக்கும் பொருந்தாது. கன்சீலருக்கு, தழும்பை ஒட்டியிருக்கும் தோலோடு பொருந்தினால் போதும். நேரு வீதியிலோ திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ வாங்கும்போது மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே தோல் வெளுப்பு. கன்னத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு ஷேடைக் கோடாக இழுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வெளிச்சத்துக்கு வந்து கால்மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். தோல் எண்ணெயோடு கலந்து உலர்ந்தபின் பல பூச்சுகள் கொஞ்சம் கறுக்கும். கடையின் எல்ஈடி வெளிச்சத்தில் பொருந்தியது வாசலில் பொருந்தாமல் போவது சகஜம். ரோஜா சாயல் உள்ளதை மாநிறத்தவர் விட்டுவிடலாம். மஞ்சள், பொன் சாயல்தான் தோலோடு கரையும். இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் கொஞ்சம் கறுப்பானதை எடுங்கள். அது நிழலாகத் தெரியும். வெளுப்பானது பூச்சாகத் தெரியும்.

டிண்டட் மாய்ஸ்சரைசர் ஜெயிக்கும் இடமும் உண்டு. மார்கழியில் தோல் உலர்ந்து தோலுரிகிறவருக்குக் கன்சீலர் அந்தச் செதில்களைப் பிடித்துக் காட்டும். அப்போது ஈரம் நிறைந்ததே நல்லது. கன்னம் முழுக்கப் பரவிய மங்கு உள்ளவருக்குப் புள்ளி வைப்பது நடக்காத காரியம். அவருக்கு டிண்டட் வகை சன்ஸ்கிரீன் பொருத்தம், ஏனென்றால் மங்கைக் கூட்டும் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அடக்கம், அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு உதவுகிறது. ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் அளவு கிடைக்க அந்த இரண்டு விரல் நீளம் பூச வேண்டும். தெரியாமல் இருப்பதற்காகப் பட்டாணியளவு பூசிவிட்டு வெயிலுக்குப் பாதுகாப்பு என்று இருந்துவிடக் கூடாது. மங்கு என்றால் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதே முறை. டிண்டட் வகையைப் பூசுகிறவர்கள் மூக்கிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து, தாடிக்கு ஒரு விரலகலம் முன்பே மங்கலாக்கி முடித்துவிடுங்கள்.

ஷேவ் செய்த பிறகு தெரியும் நீலக் கருமைக்கு இரண்டுமே உதவாது. அதை மறைக்கிற அளவு அடர்த்தி வைத்தால் வேஷம் கட்டிய முகமாகிவிடும். விட்டுவிடுங்கள், ஆண் முகத்தில் அது இயல்புதான்.

கன்சீலர் பக்கம் உள்ள தொல்லை ராத்திரியில். வெறும் தண்ணீரும் ஃபேஸ்வாஷும் அதை முழுதாக எடுக்காது. வெள்ளைத் துண்டின் ஓரத்தில் பழுப்புக் கறை படிந்தால் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மைசெல்லர் வாட்டர் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் பத்து நொடி அழுத்திப் பிடித்துத் துடைத்துவிட்டு, அதன் பிறகு ஃபேஸ்வாஷ். தேங்காய் எண்ணெயால் எடுப்பவர்கள் உண்டு. பரு வரும் தோலில் அது துவாரத்தை அடைக்கும். அரிசி மணியளவே செலவாவதால் ட்யூப் தீருமுன் காலாவதியாகிவிடும்: மூடி திறந்த டப்பா படத்தில் 12M என்று இருந்தால் திறந்ததிலிருந்து பன்னிரண்டு மாதம். பைக் பெட்டியில் வைத்தால் அதுவரைகூடத் தாங்காது, சூட்டில் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். பிரஷ்ஷை வாரம் ஒருமுறை ஷாம்பூவில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஷேவிங்கில் பிளேடு கிழித்த இடத்திலும் உடைந்த பருவிலும் பொருக்கு கட்டும்வரை எதையும் வைக்க வேண்டாம்.