விண்ணப்பம் போடும் முன் சம்பள நிலவரம் பார்ப்பது: ஐந்தாண்டு அனுபவம்

2019-இல் அம்பத்தூரில் ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். மூன்றரை ஆண்டு அனுபவம். ஒரகடம் பக்கம் ஒரு பெரிய நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்ற கட்டம் வந்தது. ஒரு சம்பளத் தளத்தைத் திறந்தேன். 'குவாலிட்டி இன்ஜினீயர்' என்று தேடினேன். மேலே பெரிய எழுத்தில் சராசரி 4.8 லட்சம் என்று இருந்தது. அதையே எழுதினேன். ஒரு பேச்சும் இல்லாமல் அந்தத் தொகையையே கொடுத்தார்கள். சேர்ந்து மூன்று மாதம் கழித்து, எனக்குப் பக்கத்து மேசையில் அதே வேலையை அதே அனுபவத்தோடு செய்துகொண்டிருந்தவருக்கு 5.9 லட்சம் என்று தெரியவந்தது. நான் கேட்காத அந்த வித்தியாசத்தை அடுத்து வந்த எந்த ஊதிய உயர்வும் ஈடுகட்டவில்லை. அவை எல்லாமே பழைய சம்பளத்தின் மேல் சதவீதக் கணக்கில் வந்தவைதாம்.

அதற்குப் பிறகு எனக்காக ஒரு முறை, தம்பிக்காக இரண்டு முறை, மனைவிக்காக ஒரு முறை என்று விண்ணப்பம் போடும் முன் சம்பள நிலவரத்தை முறையாக விசாரித்திருக்கிறேன். எந்த வழி எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதை எழுதுகிறேன். என் துறை வாகன உதிரிபாகம் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்களில் இருப்பவை ஊழியர்கள் தாமாகவே பதிவு செய்யும் தொகைகள். அங்கே சராசரியைப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். 'குவாலிட்டி இன்ஜினீயர்' என்ற ஒரே பெயரின்கீழ், உற்பத்தி வரிசையில் பாகங்களைச் சோதிக்கும் டிப்ளமோக்காரரும் இருப்பார், சப்ளையர் நிறுவனங்களுக்குப் போய்த் தணிக்கை செய்யும் பத்தாண்டு அனுபவக்காரரும் இருப்பார். இரண்டையும் சேர்த்து வகுத்தால் கிடைக்கும் எண் இருவரில் ஒருவருடைய சம்பளமும் அல்ல.

2023-இல் சப்ளையர் தரப் பிரிவில் ஒரு வேலைக்கு முயன்றபோது வேறு விதமாகத் தேடினேன். பதவிப் பெயரை விட்டுவிட்டு நிறுவனங்களின் பெயரைப் பிடித்தேன். வாகனத் தயாரிப்பாளருக்கு நேரடியாகப் பாகம் தரும் பன்னாட்டு நிறுவனங்கள் மூன்று, அதே அளவிலான இந்தியக் குழும நிறுவனங்கள் இரண்டு, அவற்றுக்குக் கீழே பாகம் செய்து தரும் சிறிய ஆலைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் சென்னை வட்டாரம், 6 முதல் 8 ஆண்டு அனுபவம் என்று சுருக்கிப் பார்த்தேன். பொதுவாகத் தேடியபோது 4.5 முதல் 11 லட்சம் வரை பரந்து கிடந்த தொகை இப்போது இரண்டாகப் பிரிந்தது. சிறிய ஆலைகளில் 5 முதல் 6.5 லட்சம், பெரிய நிறுவனங்களில் 7.5 முதல் 10.5 லட்சம். சம்பளத்தைத் தீர்மானிப்பது பதவிப் பெயரைவிட நிறுவனம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஐந்தாறு பேர் மட்டுமே பதிவு செய்திருந்தால் அந்தத் தொகையைக் குறித்துக்கொள்வேன், ஆனால் அதை நம்பி முடிவு எடுக்க மாட்டேன்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் அதன் ஆண்டறிக்கையையும் புரட்டுவேன். கம்பெனிகள் சட்டத்தின் 197-ஆவது பிரிவின்படி, ஒவ்வோர் இயக்குநரின் சம்பளமும் ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் இடைநிலைச் சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்று அங்கே சொல்லியாக வேண்டும். இயக்குநருக்கு 3.6 கோடி, மடங்கு 60 என்றால் இடைநிலை 6 லட்சம். ஆனால் அந்தக் கணக்கில் ஆலைத் தொழிலாளர்களும் அடங்குவதால் நம் பதவிக்கு அது நேரடியாக உதவாது. அதே பக்கத்தில், அந்த ஆண்டு ஊழியர் சம்பளம் சராசரியாக எத்தனை சதவீதம் உயர்ந்தது என்றும் இருக்கும். எனக்குப் பயன்பட்டது அதுதான். தளத்தில் கிடைத்த இரண்டு ஆண்டுப் பழைய தொகையை இன்றைய நிலைக்குக் கொண்டுவர அந்தச் சதவீதம் போதும்.

வேலை விளம்பரங்களில் பெரும்பாலும் சம்பளம் இருக்காது. ஆனால் ஒரே காலியிடத்தை இரண்டு மூன்று கன்சல்டன்சிகள் தனித்தனியே போடுவதுண்டு. பணி விவரத்தில் உள்ள ஏதாவது ஒரு விசித்திரமான சொற்றொடரை எடுத்துத் தேடினால் மற்ற விளம்பரங்களும் அகப்படும், அவற்றில் ஒன்றில் தொகை இருக்கலாம். அப்படி எனக்குக் கிடைத்தது '6 முதல் 10 ஆண்டு அனுபவம், 8 முதல் 12 லட்சம்' என்பது. மேல் எல்லையான 12 லட்சம் பத்தாண்டுக்காரருக்கு. ஏழரை ஆண்டுக்காரனான நான் அதில் கீழ்ப்பாதியைத்தான் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன்.

கன்சல்டன்சியிலிருந்து அழைப்பவர்கள் முதலில் கேட்பது இப்போதைய சம்பளத்தைத்தான். அதைச் சொல்லிவிட்டால், அதன்மேல் இருபது முப்பது சதவீதம் சேர்த்து ஒரு தொகையைச் சொல்வார்கள். அது என் பழைய சம்பளத்தின் நிழலே தவிர, சந்தை நிலவரம் அல்ல. அதனால், "இந்தப் பணிக்கு நிறுவனம் ஒதுக்கியிருக்கும் தொகை எவ்வளவு? அதற்குள் வந்தால் மேற்கொண்டு பேசலாம்" என்று நானே முதலில் கேட்பேன். பாதிப் பேர் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் கட்டணம் பெரும்பாலும் சேருபவரின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு. ஆனாலும் எனக்கு ஐம்பதாயிரம் கூடுதலாக வாங்கித் தருவதைவிட, நான் சீக்கிரம் சேர்ந்துவிடுவதே அவர்களுக்கு லாபம். இதை மனத்தில் வைத்தே அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்க வேண்டும்.

ஒருமுறை ஓர் அம்மையார், "மார்க்கெட்டில் இதற்கு 7.9 லட்சம்தான் சார்" என்றார். அந்த 7.9 எங்கோ பார்த்த எண்ணாகத் தோன்றியது. முந்தின நாள் நான் குறித்து வைத்திருந்த தளத்தின் சராசரியும் அதேதான். அவரும் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். இரண்டு இடங்களில் ஒரே தொகை வந்துவிட்டது என்று நான் நம்பியிருந்தால், ஒரே ஆதாரத்தை இரண்டு முறை எண்ணியிருப்பேன். அன்றிலிருந்து எந்தத் தொகையைக் கேட்டாலும், சொல்பவருக்கு அது எங்கிருந்து தெரியும் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் உதவியது மனிதர்களிடம் கேட்டதுதான். 'உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?' என்று நேரே கேட்டால் யாருக்கும் சங்கடம். 'இந்தப் பதவிக்கு 9 லட்சம் கேட்டால் அதிகமா, குறைவா?' என்று கேட்டால் வாய் திறக்கிறார்கள். கல்லூரியில் எனக்கு ஓராண்டு மூத்தவரான ஓர் அண்ணனை ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். என் கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, "நீ 9 லட்சம் என்பது எந்த 9 லட்சம் தம்பி?" என்று கேட்டபடி, தனக்கு வந்திருந்த இரண்டு பணி நியமனக் கடிதங்களைக் கைப்பேசியில் திறந்து காட்டினார்.

ஒன்றில் சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 9 லட்சம். அடிப்படைச் சம்பளம் 3.6 லட்சம். அதில் 12 சதவீதமாக நிறுவனம் கட்டும் பி.எஃப். 43,200, கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதமாக 17,316, ஆண்டு முடிவில் வரக்கூடிய ஊக்கத்தொகை 90,000, மருத்துவக் காப்பீடு 12,000, கேன்டீனும் பஸ்ஸும் 24,000. எல்லாவற்றையும் கழித்தால் மாதாமாதம் உறுதியாக வருவது, அவருடைய பிடித்தங்களுக்கு முன், 59 ஆயிரத்துச் சொச்சம். இன்னொரு கடிதத்தில் 8.2 லட்சம்தான். அங்கே ஊக்கத்தொகை கிடையாது. சாப்பாடு, பஸ், காப்பீடு மூன்றும் சம்பளக் கணக்குக்கு வெளியே இலவசம். பி.எஃப்.பை மாதம் 1,800 ரூபாயோடு நிறுத்தியிருந்தார்கள். அதையும் கிராஜுவிட்டியையும் கழித்தால் மாதம் 65 ஆயிரம் வந்தது.

"போன வருஷம் முதல் கம்பெனியில் ஊக்கத்தொகையில் அறுபது சதவீதம்தான் கொடுத்தார்களாம்" என்றார் அண்ணன். அந்த அறுபது சதவீதத்தையும், பி.எஃப். நம்முடைய பணம்தான் என்பதால் அதையும் இரண்டு பக்கமும் சேர்த்துக் கணக்குப் போட்டோம். இரண்டு கடிதங்களும் ஏறக்குறைய ஒரே தொகையில் வந்து நின்றன. காகிதத்தில் தெரிந்த எண்பதாயிரம் வித்தியாசம் டீ ஆறுவதற்குள் காணாமல் போயிற்று.

அதற்குப் பின் நான் எந்தத் தொகையையும் சி.டி.சி.யாக ஒப்பிடுவதில்லை. யார் சொன்ன எண்ணாக இருந்தாலும், மாதாமாதம் உறுதியாக வரும் தொகையாக மாற்றிய பிறகுதான் நோட்டில் ஏற்றுகிறேன். உடைத்துப் பார்க்க வழியில்லாத இடத்தில், ஊக்கத்தொகை இருக்கும் நிறுவனம் என்றால் சி.டி.சி.யில் எண்பது சதவீதம், இல்லாவிட்டால் தொண்ணூறு என்று தோராயமாகப் போட்டுக்கொள்கிறேன்.

2023-இல் அந்த நோட்டில் இருந்தவை இவை. தளங்களிலிருந்து 50 முதல் 75 ஆயிரம். விளம்பரத்தின் கீழ்ப்பாதியிலிருந்து 55 முதல் 70. தளத்தைப் பார்க்காமல், நிறுவனம் தந்த பட்ஜெட்டைச் சொன்ன ஒரு கன்சல்டன்சிக்காரரிடமிருந்து உச்ச அளவாக 67. அண்ணனுடைய இரண்டு கடிதங்கள் 59, 65. வகுப்புத் தோழன் ஒருவனுக்கு 62. தளங்களின் வீச்சு மிக அகலம், மனிதர்கள் சொன்னது மிகச் சிலர் விவரம். ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இந்த நான்கு வழிகளும் 58-க்கும் 67-க்கும் இடையில் சந்தித்தன. படிவத்தில் மாதம் 68 ஆயிரம் என்று எழுதினேன். 60-க்குக் கீழே வந்தால் போவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டேன். முதலில் 61 சொன்னார்கள், ஒரு சுற்றுப் பேச்சுக்குப் பின் 64-இல் முடிந்தது.

இந்த முறை கைவிட்ட இடமும் உண்டு. தம்பி மின்வாகன பேட்டரிப் பிரிவில் ஒரு வேலைக்கு முயன்றபோது தளங்களில் பதிவுகளே மூன்று நான்குதான். விளம்பரங்களில் தொகை இல்லை. அந்த வேலையைச் செய்பவர்களும் எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இல்லை. சாதாரண வாகனப் பாகப் பிரிவின் நிலவரத்தை வைத்து 52 ஆயிரம் கேட்டான், மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட வேகத்தைப் பார்த்ததும் எனக்கு 2019 நினைவுக்கு வந்துவிட்டது. சிறிய ஆலைகளிலோ சம்பள வரம்பு என்ற ஒன்றே எழுத்தில் இருக்காது. முதலாளிக்கு ஆள் எவ்வளவு அவசரமாக வேண்டும் என்பதைப் பொறுத்து ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கு இரண்டு சம்பளம் நடக்கும். அங்கே விண்ணப்பிக்கும்போது தளங்களில் நேரம் செலவிடாமல், அண்மையில் அங்கே சேர்ந்தவர் அல்லது அங்கிருந்து விலகியவர் ஒருவரைத் தேடிப் பிடிக்கவே முயல்கிறேன்.

தம்பி இப்போது இரண்டாவது பேட்டரி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கத் தயாராகிறான். இந்த முறை நோட்டில் முதலில் ஏறியது அவனுடைய சொந்தச் சம்பளமும், அவனோடு வேலை செய்யும் இருவருடையதும். மூன்று வரிகளுக்குப் பக்கத்திலும் 'சம்பளச் சீட்டு, நேரில் பார்த்தது' என்று எழுதியிருக்கிறான்.