கட்டம் போட்டுக் கொடுப்பதா, இரட்டைக் கடிதம் காட்டுவதா?

பாலக்காடு சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஏழாம் வகுப்புக்குக் கடிதம் நடத்துபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கரும்பலகையில் அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள் என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்லலாம். அல்லது ஒரே செய்தியை அதிகாரிக்கும் உறவினருக்கும் எழுதிய இரண்டு மாதிரிகளை அருகருகே வைக்கலாம்.

கட்டம் ஒரே பாடவேளையில் பிடிபட்டுவிடும், தேர்வில் அமைப்புக்கான மதிப்பெண்ணும் தப்பாது. ஆனால் "சாலை சரியில்லை, சரிசெய்யவும்" என்று எழுதினாலும் கட்டம் நிரம்பிவிடுகிறதே! எந்தச் சாலை, எந்த இடம் என்று அது கேட்பதில்லை.

இரட்டைக் கடிதத்தைப் பாருங்கள். பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளருக்கு:

"பொருள்: சாக்கடை மூடியை மாற்ற வேண்டுதல் – சார்பு.
ஐயா, எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரே சாக்கடை மூடி உடைந்து பத்து நாட்களாகின்றன. மாணவர்கள் தவறி விழுகிறார்கள். புதிய மூடி போட்டுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

பொள்ளாச்சி மாமாவுக்கு:

"அன்புள்ள மாமாவுக்கு, நாங்கள் நலம். நீங்களும் அத்தையும் நலமா? ஸ்கூல் வாசலில் சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. நேற்று தம்பி அதில் காலை விட்டுச் செருப்பு அறுந்துவிட்டது. அடுத்த வாரம் வரும்போது அவனுக்கு ஒரு ஜோடி வாங்கி வருவீர்களா?"

இரண்டையும் படித்ததும், "தம்பி செருப்பு ஏன் முதல் கடிதத்தில் இல்லை?" என்று கேளுங்கள். பொறியாளரிடம் மூடியைக் கேட்கலாம், செருப்பை மாமாவிடம்தான் கேட்க முடியும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். பணிவும் உரிமையும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. இடமும் நாளும் உறவுக் கடிதத்தில் வலப்பக்கம் மேலே, விண்ணப்பத்தில் இடப்பக்கம் கீழே என்பதை அதன்பிறகு சொன்னால் போதும்.

இந்த விண்ணப்பம் வெறும் பயிற்சியும் அல்ல. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும்.

உறைமேல் முகவரிக்கு மட்டும் கட்டமே மேல். மாமாவின் பின்கோடு 642 என்றும், நம் பக்கத்து அலுவலகத்துடையது 678 என்றும் தொடங்கும். இதை நிரப்பித்தான் பழக வேண்டும்.

சரிபார்ப்புப் பட்டியலிலும் இதே வேறுபாடுதான். "பொருள் உண்டா? நாள் உண்டா?" என்று கேட்டால் படிக்காமலே டிக் போட்டுவிடுவார்கள். நான் தருவது நான்கு கேள்விகள்: இதைப் படிப்பவர் எந்த இடத்துக்கு வர வேண்டும்? எத்தனை நாளாக? அவர் என்ன செய்ய வேண்டும்? பதிலை யாருக்கு அனுப்புவார்? நோட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் மாற்றிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லும் வரியை அடிக்கோடிட வேண்டும். கோடு போட வரி கிடைக்காத கேள்வியின் எண்ணை ஓரத்தில் எழுதித் திருப்பித் தரட்டும். எழுதியவர் அந்த வரியை மட்டும் சேர்த்தால் போதும், முழுக் கடிதத்தையும் திரும்ப எழுத வேண்டாம்.