கூட்டக் குறிப்பைத் தமிழாக்க மூன்று வழிகள்: உழவர் நிறுவனங்களுக்கு எது சரி?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்போடு முந்தைய பொதுக்கூட்டத்தின் குறிப்பையும் உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013 அப்படித்தான் சொல்கிறது. குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, உறுப்பினருக்கோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். இதைத் தமிழாக்க மூன்று வழிகள் உண்டு: வரிக்கு வரி பெயர்ப்பது, சுருக்கமாகச் சொல்வது, தீர்மானங்களை முழுதாகப் பெயர்த்து விவாதத்தை மட்டும் சுருக்குவது.

உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கும் இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பைத் தமிழாக்கும்போதும் இதே கேள்விதான். அதிலிருந்து ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நிலக்கடலைக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் 'வித்ஹெல்ட் பிரைஸ்' தருவது என்று இயக்குநர் குழு முடிவு செய்கிறது. அதோடு கிலோவுக்கு 1 ரூபாய் 'பேட்ரனேஜ் போனஸ்' தரலாம் என்று பொதுக்கூட்டத்துக்குப் பரிந்துரைக்கிறது. முதலாவது, சரக்கு வாங்கியபோது பிடித்து வைத்த விலையின் பாக்கி. அது உறுப்பினருக்குச் சேர வேண்டிய பணம். இரண்டாவது, உபரி வருமானத்திலிருந்து அவரவர் கொடுத்த சரக்குக்கு ஏற்பத் தருவது. அதற்குப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும்.

சுருக்க வழியில் இது "கிலோவுக்கு 3 ரூபாய் போனஸ்" என்று ஆகிவிடும். ஆயிரம் கிலோ கொடுத்தவர் 3,000 ரூபாயை எதிர்பார்த்து வருவார். ஆனால் உறுதியானது 2,000 மட்டும்தான். அதுவும் அவருடைய பணமே, யாரும் அள்ளிக் கொடுத்ததல்ல. கூட்டத்தில் சண்டை மூள இது போதும்.

வரிக்கு வரி பெயர்த்தால் பொருள் தப்பாது. ஆனால் "மேற்கூறிய உறுப்பினர்களின் ஒப்புதலுக்கு உட்பட்டு வழங்கப்படுமாறு தீர்மானிக்கப்படுகிறது" என்று நீளும்போது, எந்த ஒப்புதல், எந்தத் தொகைக்கு என்பதே தொலைந்துபோகும்.

என் தேர்வு மூன்றாவது வழிதான். தீர்மானம் இப்படி வரும்: "1. நிறுத்தி வைத்த விலை கிலோவுக்கு 2 ரூபாய் தர இயக்குநர் குழு முடிவு செய்தது. 2. பங்கேற்பு போனஸ் கிலோவுக்கு 1 ரூபாய் தரலாம் என்று பரிந்துரைத்தது. பொதுக்கூட்டம் ஒப்புக்கொண்டால் மட்டுமே இது கிடைக்கும்." தீர்மான எண் ஆங்கிலப் பிரதியில் உள்ளபடியே இருக்கட்டும்.

இதற்கு ஒரு பக்கச் சொற்பட்டியல் தேவை. நிறுத்தி வைத்த விலை, பங்கேற்பு போனஸ், ஈவுத்தொகை ஆகிய மூன்றுக்கும் ஆளுக்கொரு சொல்தான் இருக்க வேண்டும். நடை அழகுக்காக இந்த ஆண்டு "ஊக்கத்தொகை", அடுத்த ஆண்டு "போனஸ்" என்று மாற்றினால், புதிதாக ஒரு பணம் வருகிறது என்றே படிப்பவர் நினைப்பார். வினைச்சொற்களும் பட்டியலில் சேரட்டும்: "முடிவு செய்தது", "பரிந்துரைத்தது", "குறித்துக்கொண்டது". கடைசிச் சொல்லை "ஏற்றுக்கொண்டது" என்று எழுதினால், வெறுமனே தாக்கலான கணக்குக்குக் குழு ஒப்புதல் தந்துவிட்டதாக ஆகும்.

அனுப்பும் முன் ஓர் உறுப்பினரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் "உங்களுக்கு எவ்வளவு உறுதி, எவ்வளவு கூட்டத்தின் கையில்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் அந்த வரியைத் திருத்த வேண்டும்.